கட்டுச்சோற்றின் கடிகாரம்

சென்னை சென்ட்ரலில் இரவு 10 மணிக்குப் புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புது தில்லி போய்ச் சேர ஏறக்குறைய 33 மணி நேரம் ஆகிறது. நடுவில் இரண்டு இரவுகளும் ஒரு முழுப் பகலும். வீட்டில் மாலை 5 மணிக்கு வடித்த சோறு, மறுநாள் மதியம் 1 மணிக்கு நாக்பூரை நெருங்கும் வேளையில் திறக்கப்பட்டால் அதற்கு வயது 20 மணி நேரம். ரயிலில் ஏறிய நேரத்திலிருந்து கணக்குப் போடுபவர்களுக்கு அது 15 மணி நேரமாகத் தெரியும். விடுபட்டுப் போகிற அந்த 5 மணி நேரத்தில்தான், அதாவது சோறு ஆறிக்கொண்டிருக்கும்போதும் மூட்டை கட்டப்பட்டுக் கூடத்தில் காத்திருக்கும்போதும், கெடுவதற்கான வேலை பாதி முடிந்துவிடுகிறது.

சமைத்த உணவு 60 டிகிரி செல்சியசுக்கு மேல் கொதிக்கக் கொதிக்க இருக்கும்வரை கிருமிகள் பெருகுவதில்லை. ஐந்து டிகிரிக்குக் கீழே, குளிர்பெட்டியில் இருக்கும்வரையும் பெரும்பாலானவை அடங்கிக் கிடக்கும். இடைப்பட்ட வெதுவெதுப்புதான் அவற்றுக்குப் பிடித்த இடம். இந்த நிலையில் சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பொது விதி. வெயில் கொளுத்தும் நாளில் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று சொல்பவர்களும் உண்டு. வசதியான சூட்டில் ஒரு கிருமி 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும் என்று வைத்துக்கொண்டால், 7 மணி நேரத்தில் அது 20 லட்சத்தைத் தாண்டிவிடும். எல்லாக் கிருமியும் எல்லா உணவிலும் இந்த வேகத்தில் பெருகாது. இருந்தாலும் முதல் சில மணி நேரத்தில் ஒன்றும் ஆகாததுபோல் இருந்த சாப்பாடு திடீரென்று கெட்டுப்போனதாகத் தோன்றுவதற்குக் காரணம் இந்தப் பெருக்கல்தான்.

இந்த விதியை எழுத்துக்கு எழுத்து பிடித்தால் கட்டுச்சோறு என்ற ஒன்றே இருக்க முடியாது. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக மாட்டுவண்டியிலும் ரயிலிலும் புளியோதரை போய்க்கொண்டுதான் இருக்கிறது. விதியிலிருந்து அது தப்புவது எப்படி, எந்த இடத்தில் தப்பாமல் மாட்டிக்கொள்கிறது என்று பார்த்தால் மற்ற உணவுகளின் கதையும் விளங்கிவிடும்.

சோற்றில் வரும் முதன்மையான தொல்லைக்குப் பெயர் பாசில்லஸ் சீரியஸ். வயல் மண்ணில் இயல்பாக இருக்கும் இந்தக் கிருமி நெல்லோடு அரிசிக்கும் வந்துவிடுகிறது. உலையில் கொதிக்கும்போது கிருமி செத்தாலும் அதன் உறங்கும் வித்துகள் சாவதில்லை. சோறு ஆறி வெதுவெதுப்புக்கு வந்ததும் அவை முளைத்துப் பெருகத் தொடங்கும். பெருகும்போது சில வகைகள் ஒரு நஞ்சைக் கக்குகின்றன. அந்த நஞ்சு ஒருமுறை சோற்றில் ஏறிவிட்டால் மறுபடி சூடாக்கினாலும், தாளித்து வறுத்தாலும் அழியாது. 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களில் வறுத்த சோறு சாப்பிட்டவர்கள் அடுத்தடுத்து வாந்தி எடுத்தபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. குளிர்பெட்டியில் வைத்தால் சோறு கட்டி தட்டும் என்று அங்கே முந்தின நாள் வேகவைத்ததை வெளியிலேயே வைத்திருந்து, மறுநாள் கொதிக்கும் எண்ணெயில் புரட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஆவி பறக்கும் சோறுதான், ஆனால் நஞ்சு முந்தின இரவே ஏறியிருந்தது.

இந்தக் கிருமிக்குப் புளிப்பு ஆகாது. புளிக்காய்ச்சல் சோற்றின் ஒவ்வொரு பருக்கையிலும் ஏறியிருந்தால் வித்துகள் முளைப்பது அநேகமாக நின்றுபோகும். புளியோதரையின் ஆயுள் அதில் உள்ள புளியின் ஆயுள்தான். நல்லெண்ணெய் பருக்கைகளை ஒட்டாமல் வைக்கும், உலராமல் காக்கும், கிருமியைக் கொல்லாது. மஞ்சளும் பெருங்காயமும் காப்பாற்றும் என்று நம்புவதும் கொஞ்சம் அதிகப்படியான நம்பிக்கைதான்.

ஆகவே பயணத்துக்கான புளியோதரையைச் செய்வதில் சில நுணுக்கங்கள் உண்டு. புளியைக் கெட்டியாகக் கரைத்து, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை காய்ச்ச வேண்டும். நீர்க்க இருக்கும் புளிக்காய்ச்சல் சோற்றில் ஈரத்தைத்தான் கூட்டும். சோறு உதிரியாக வடிபட வேண்டும். குழைந்த சோற்றில் தண்ணீர் அதிகம், பருக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுவதால் புளி உள்ளே போவதும் இல்லை. வடித்ததும் பானையிலேயே விட்டுவிடாமல் அகலமான தாம்பாளத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பினால் அரை மணி நேரத்தில் ஆறிவிடும். அதே சோறு பானையில் இருந்தால் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுவென்றே இருக்கும். கிருமிக்கு அதைவிட நல்ல தொட்டில் கிடையாது. கலக்கும்போது கையைப் போடாமல் உலர்ந்த கரண்டியால் கிளற வேண்டும், ஏனென்றால் மனிதத் தோலிலும் மூக்கிலும் குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற இன்னொரு கிருமி கை வழியாகத்தான் சோற்றுக்குப் போகிறது. அதுவும் சூட்டுக்கு அசையாத நஞ்சைக் கக்கக் கூடியது. விரலில் வெட்டுக்காயமோ கொப்புளமோ உள்ளவர்கள் அன்றைக்குக் கட்டுச்சோற்றுப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

எங்கே தப்பு நடக்கிறது என்பதைப் பொட்டலத்தைப் பிரித்தாலே பார்க்கலாம். மஞ்சள் நிறத்துக்கு நடுவே அங்கங்கே வெள்ளையாக ஒரு கட்டி இருக்கும். சரியாகக் கலக்காததால் புளி ஏறாமல் போன இடம் அது. மீதிச் சோறு நன்றாக இருக்கும்போது அந்த வெள்ளைக் கட்டி மட்டும் ஊசிப்போயிருப்பதைக் காணலாம். இன்னொரு தப்பு, ஆவி அடங்குமுன் எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடுவது. மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து மேல் சோற்றில் சொட்டும். சொட்டிய இடத்தில் புளிப்பு நீர்த்துப்போகும். வாட்டிய வாழை இலையில் கட்டிய பொட்டலம் கொஞ்சம் காற்று விடுவதால் இந்த வியர்வை குறைவு. வாட்டுமுன் இலையைக் கழுவித் துடைத்திருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஊசல் வாடை அடித்தாலோ, கிள்ளினால் நூல் விட்டாலோ சோற்றை எறிந்துவிடலாம், அதில் சந்தேகமில்லை. சிக்கல் மறுபக்கத்தில் இருக்கிறது. மேலே சொன்ன இரண்டு நஞ்சுகளுக்கும் வாடையும் இல்லை, ருசியும் இல்லை. வாடையைக் கிளப்புவது வேறு கிருமிகள். முகர்ந்து பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்வது பாதி சாட்சியம்தான். மீதிச் சாட்சியம் மணிக்கணக்கு.

தயிர்சாதத்தின் கணக்கு வேறு. பயணத்துக்கு எடுத்துச் செல்பவர்கள் சோற்றைப் பாலில் குழைத்து ஒரே ஒரு கரண்டி தயிர் விடுவார்கள். போகிற வழியில் அது உறைந்து, புளிக்காமல் பதமாக இருக்கும் என்பது எண்ணம். ருசிக்கு அது சரி. ஆனால் அந்தத் தயிரில் உள்ள நல்ல கிருமிகள் பாலைப் புளிக்கவைக்கப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதுவரை அது புளிப்பே இல்லாத, ஈரமான, குழைந்த சோறு. காவல்காரன் வந்து சேருமுன் திருடன் வந்துவிட்டால் தடுக்க ஆளில்லை. தயிரைத் தாராளமாக விட்டு, சோறு நன்றாக ஆறியபின் கலந்ததே பாதுகாப்பு. வெள்ளரியும் திராட்சையும் மாதுளையும் கலந்து அலங்கரிப்பது வீட்டு விருந்துக்குச் சரி. வழிப்பயணத்துக்கு அவை நீரையும் புதுக் கிருமிகளையும்தான் கொண்டுவரும்.

இட்லி இடைப்பட்டது. மாவு புளித்தது என்பதால் கொஞ்சம் காப்பு உண்டு. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் இருபுறமும் தடவி ஆறவைத்து அடுக்கிய இட்லி இரவு செய்தால் மறுநாள் காலைவரை வழக்கமாகத் தாங்கும். அதனோடு தேங்காய்ச் சட்னி வைப்பதுதான் விபரீதம். அரைத்த தேங்காயில் ஈரம், கொழுப்பு, சர்க்கரை எல்லாம் உண்டு, புளிப்பு கிடையாது. கோடையில் மூன்று நான்கு மணி நேரம் தாங்கினாலே பெரிது. புளியோதரைக்குத் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் கறி செய்பவர்களும் இதே தப்பைத்தான் செய்கிறார்கள். சோற்றைப் புளி காப்பாற்றும், கிழங்கைக் காப்பாற்ற ஒன்றும் இல்லை. அப்பளம், வடாம், ஊறுகாய் இருக்கும்போது கிழங்கு எதற்கு?

இதையெல்லாம் வைத்துத் தில்லிப் பயணத்துக்கு ஒரு சாப்பாட்டு வரிசை போடலாம். முதல் இரவு வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது. மறுநாள் விடிந்ததும், வாரங்கல்லைத் தாண்டும் வேளையில், முந்தின இரவு 8 மணிக்கு எடுத்த இட்லி. தயிர்சாதம் கொண்டுவந்திருந்தால் அதையும் அப்போதே முடித்துவிட வேண்டும். மதியம் புளியோதரை. இரவு, போபாலைத் தாண்டும் நேரத்தில், எண்ணெய் விட்டுச் சுட்டு நன்றாக ஆறவைத்த சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். நடுவில் முறுக்கு, தட்டை, எள்ளுருண்டை, கடலைமிட்டாய், தோலோடு வந்த வாழைப்பழமும் ஆரஞ்சும். ஈரம் மிகுந்ததும் புளிப்புக் குறைந்ததும் முதலில், உலர்ந்ததும் புளித்ததும் பின்னால் என்பதுதான் இந்த வரிசையின் கணக்கு. நடைமுறையில் பல குடும்பங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. இலையில் புளிச்சோற்றுக்குப் பின் தயிர்சோறு என்ற பழக்கம் ரயிலிலும் தொடர்கிறது. முதல் நாள் புளியோதரையைத் தீர்த்துவிட்டு, வெயிலில் கிடந்த தயிர்சாதத்தைக் கடைசி இரவுக்கு எடுத்து வைக்கிறார்கள்.

குளிர்சாதனப் பெட்டியில் பயணம் செய்தால் இந்தக் கணக்கில் சற்றே தளர்ச்சி கிடைக்கும், அதற்கு மேல் இல்லை. உட்கார்ந்திருப்பவருக்குக் குளிர்கிற 24 டிகிரி, கிருமிக்கு வேகம் குறைந்த வெதுவெதுப்புதான். மே மாதத்தில் படுக்கை வசதிப் பெட்டியில் நாக்பூர் வெயிலில் போகும் சாப்பாட்டு மூட்டை ஜன்னலோரம் இல்லாமல் கீழ்ப் படுக்கைக்கு அடியில், நிழலில் இருப்பது நல்லது.

வண்டியில் வாங்குவது

பான்ட்ரி கார் உள்ள வண்டிகளில் சாப்பாடு ஓடும் வண்டியிலேயே சமைக்கப்படலாம், அல்லது வழியில் உள்ள சமையல்கூடத்திலிருந்து ஏற்றப்படலாம். எதுவானாலும் கடிகாரம் பொட்டலம் மூடப்பட்ட நேரத்திலிருந்து ஓடுகிறது. இருபது பெட்டி நீள வண்டியில் நூற்றுக்கணக்கான பொட்டலங்களைக் கடைசி ஆள்வரை கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம். பொட்டலத்தை வாங்கியதும் அடிப்புறத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது எளிய சோதனை. கையை எடுக்க வைக்கும் சூடு இருந்தால் அது சமீபத்தில் கட்டியது. கைக்கு இதமாக இருந்தால் அதுதான் சந்தேகப்பட வேண்டிய சூடு. முட்டை பிரியாணி, பன்னீர் குழம்பு, கோழிக் குழம்பு ஆகியவற்றை இந்த இதமான சூட்டில் வாங்குவதைவிட ரொட்டியும் மூடி உடையாத தயிர்க் கிண்ணமும் வாங்குவது மேல். தயிர்க் கிண்ணத்தின் மேல்தாள் உப்பியிருந்தால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

கைப்பேசியில் முன்பதிவு செய்து, வழியில் ஒரு நிலையத்தில் இருக்கைக்கே சாப்பாடு வரவழைக்கும் ஐ.ஆர்.சி.டி.சி. வசதி இப்போது பரவலாகிவிட்டது. நல்ல வசதிதான், ஆனால் வண்டி தாமதமானால் நிலைமை மாறிவிடும். பகல் 1 மணிக்கு வர வேண்டிய வண்டி 3 மணிக்கு வருகிறது, உணவகமோ 12:30க்கே கட்டி வைத்துவிட்டது என்றால் கைக்கு வருவது இரண்டரை மணி நேரப் பழசு. வண்டி தாமதம் என்று தெரிந்ததுமே உணவகத்துக்குப் போன் செய்து, வண்டி நெருங்கும்போது கட்டச் சொல்லலாம். ரயிலில் வந்த சாப்பாட்டைப் பற்றிப் புகார் செய்ய 139 என்ற எண் இருக்கிறது. பொட்டலத்தையும் அதன் மேல் ஒட்டிய சீட்டையும் தூக்கி எறிந்துவிட்டுப் புகார் செய்வதில் பயன் குறைவு.

வழியோரக் கடை

பேருந்திலோ காரிலோ போகிறவர்களுக்குக் கட்டுச்சோற்றைவிட நெடுஞ்சாலைக் கடைதான் நடைமுறை. பளபளக்கும் கண்ணாடிக் கதவு வைத்த உணவகம் சுத்தம், தகரக்கூரைக் கடை அசுத்தம் என்று பொதுவாக எண்ணுவதுண்டு. இது சரியான அளவுகோல் இல்லை. கண்ணெதிரே கல்லில் வார்க்கும் தோசை 100 டிகிரியை எப்போதோ தாண்டிவிடும். கொதிக்கும் எண்ணெயிலிருந்து அரித்தெடுத்த வடையும் அப்படியே. தகரக்கூரைக்கடியில் வார்த்தாலும் அந்தத் தோசை, குளிரூட்டிய உணவகத்தின் பகல் விருந்து வரிசையில் மணிக்கணக்காக வெதுவெதுவென்று காத்திருக்கும் குழம்பைவிட நம்பத்தக்கது.

தோசையோடு வருபவைதான் ஆபத்து. சாம்பார் அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கிறதா, அல்லது பிளாஸ்டிக் வாளியில் மேசைக்கு மேசை சுற்றிவருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தேங்காய்ச் சட்னி காலையில் அரைத்ததென்றால் உச்சிவெயிலில் அதைத் தொடாமலிருப்பதே நல்லது. பழைய சட்னியில் புதுச் சட்னியை விட்டுக் கலக்கும் பழக்கம் உள்ள கடையில் எந்த நேரத்தில் அரைத்தது என்ற கேள்விக்கே அர்த்தமில்லாமல் போகிறது. மிளகாய்ப்பொடி கேட்டு வாங்கிக்கொண்டால் இந்தச் சங்கடம் இல்லை. நறுக்கி வைத்த வெங்காயம், வெள்ளரி, பழத்துண்டுகள் ஆகியவை அடுப்பையே பார்க்காதவை. அவற்றின் தரம் கழுவிய தண்ணீரின் தரம்தான்.

பரோட்டாக் கடையில் பரோட்டாவைவிடச் சால்னாவைக் கவனிக்க வேண்டும். இறைச்சிக் குழம்பும் பிரியாணியும் பெரிய அண்டாவில் மெதுவாக ஆறும்போது இன்னொரு வகைக் கிருமி, காற்றில்லாத ஆழத்தில் வளரக்கூடியது, அபார வேகத்தில் பெருகும். மதியம் 12 மணிக்குத் திறந்த அண்டாவின் முதல் தட்டுக்கும் மாலை 5 மணிக்குச் சுரண்டும் அடித்தட்டுக்கும் பெயர் ஒன்று, பொருள் வேறு. கூட்டம் அலைமோதும் கடைக்குப் போகச் சொல்லும் பழைய யோசனையில் உண்மை இருப்பது இதனால்தான். அங்கே அண்டா சீக்கிரம் காலியாகிறது.

பச்சை முட்டையில் அடித்த மயோனைஸ் தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்யப்பட்டது. பச்சை முட்டையில் வரும் சால்மொனெல்லா கிருமிதான் காரணம். தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வழியோரக் கடையில் அந்த வெள்ளைக் குழைவு எதிலிருந்து அடித்தது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பயண நாளில் அதைத் தவிர்த்துவிடலாம்.

கடையின் பின்பக்கம் போக முடிந்தால் தட்டு கழுவும் இடத்தை ஒரு பார்வை பார்க்கலாம். ஓடும் குழாயில் கழுவுகிறார்களா, ஒரே வாளித் தண்ணீரில் ஐம்பது தட்டுகளை முக்கி எடுக்கிறார்களா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். வாளிதான் என்றால் தட்டின் மேல் வாழை இலை போடச் சொல்லலாம். ஈரத் தட்டில் இலை போட்டு, அதன் மேல் ஜக்கிலிருந்து தண்ணீர் தெளித்தால் பழைய கதைதான். டீயும் காபியும் கொதித்தவை, கண்ணாடித் தம்ளரை வெந்நீரில் அலசித் தரும் கடையில் தாராளமாகக் குடிக்கலாம்.

தண்ணீர்

தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீர் என்பது கண் செய்யும் ஏமாற்று. காலரா, டைபாய்டு, மஞ்சள்காமாலை ஆகியவற்றைப் பரப்பும் கிருமிகள் பளிங்குபோன்ற நீரிலும் இருக்கலாம். ஓடும் ரயிலின் கைகழுவும் குழாயில் வருவது பெட்டியின் தொட்டியில் நிரப்பிய நீர். அது கைகால் கழுவ மட்டும்தான், பல் தேய்த்து வாய் கொப்பளிக்கவும் குடிநீர்ப் பாட்டிலையே பயன்படுத்த வேண்டும். அந்தக் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவுவதில் தவறில்லை. எண்ணெய்ப் பிசுக்கான கையில் சானிடைசரைத் தடவுவதைவிட அது மேல்.

வீட்டிலிருந்து கொண்டுபோகும் நீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். கொதித்த பின் ஊற்றும் பாத்திரமும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதுதான் மறந்துபோகிறது. கோடையில் ஒரு ஆளுக்கு ஒரு பகலுக்கு மூன்று லிட்டர் என்று வைத்துக்கொண்டால் நான்கு பேருக்கு 12 லிட்டர், அவ்வளவையும் சுமக்க முடியாது. பாதியைக் கொண்டுபோய்ப் பாதியை வழியில் வாங்குவதே நடைமுறை. நிலையங்களில் ரயில்வேயின் சொந்த ரயில் நீர் கிடைக்கிறது. தெற்கே ஓடும் வண்டிகளுக்கான நீர் செங்கல்பட்டுக்கு அருகே பாலூரில் உள்ள ஆலையிலும் நிரப்பப்படுகிறது.

வாங்கும் பாட்டிலில் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். மூடிக்கு அடியில் உள்ள வளையம் மூடியோடு சேர்ந்திருக்க வேண்டும், திருகும்போது படபடவென்று உடையும் ஓசை கேட்க வேண்டும். ஓசையில்லாமல் திறந்தால் அது ஏற்கெனவே ஒருமுறை திறந்தது. பாட்டிலைக் கவிழ்த்து அமுக்கினால் ஒரு சொட்டும் கசியக் கூடாது. பக்கவாட்டில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் நிரப்பிய தேதியும் அழியாமல் இருக்க வேண்டும். பிரபலமான பெயரில் ஓரெழுத்தை மாற்றி அதே நிறத்தில் சீட்டு ஒட்டிய பாட்டில்கள் பேருந்து நிலையங்களில் சாதாரணம். குடித்து முடித்த பாட்டிலை நசுக்கி எறிவது அடுத்த பயணிக்குச் செய்யும் உதவி.

பாட்டிலை வாயில் வைத்துக் குடித்தால் வாயின் கிருமிகளும் உணவுத் துணுக்குகளும் உள்ளே போய், மறுநாள் வெயிலில் அந்த மிச்ச நீர் நாறத் தொடங்கும். அண்ணாந்து குடிக்கும் வழக்கத்தை நாகரிகமில்லாதது என்று நினைப்பவர்கள் உண்டு. நால்வர் ஒரு பாட்டிலைப் பங்கிடும் ரயில் பெட்டியில் அதைவிட நாகரிகமான வழக்கம் வேறு இல்லை.

வாங்கவும் கொதிக்கவைக்கவும் வழியில்லாத இடத்துக்குக் குளோரின் மாத்திரை உதவும். மருந்துக்கடையில் அட்டையாகக் கிடைக்கும். அட்டையில் எத்தனை லிட்டருக்கு ஒன்று என்று எழுதியிருக்கிறதோ அதன்படி போட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கலங்கல் நீரில் மாத்திரை வலுவிழக்கும் என்பதால் முதலில் துணியில் வடிகட்ட வேண்டும். இந்தத் துணி சாதாரண விஷயமில்லை. வங்கதேசக் கிராமங்களில் பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்பாக மடித்து வடிகட்டியபோது காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை ரீட்டா கோல்வெல் குழுவினர் 2003இல் வெளியிட்டார்கள். காலராக் கிருமி தனியாகத் திரிவதைவிட நீரில் மிதக்கும் நுண்ணிய உயிரிகளின் மேல் ஒட்டிக்கொண்டு போவதே அதிகம், அந்த உயிரிகள் துணியில் சிக்கிக்கொள்கின்றன. துவைத்துத் துவைத்து நூல் பஞ்சுபோலப் பிரிந்த பழைய சேலை புதுசைவிட நன்றாகத் தடுக்கிறது. ஆனால் பாதி குறைப்பதற்குத்தான் துணி. மீதிப் பாதிக்கு மாத்திரையோ கொதியோ வேண்டும்.

பனிக்கட்டியை நீராகவே நினைக்க வேண்டும். உறைந்தால் கிருமி சாவதில்லை, தூங்குகிறது. கரும்புச்சாற்றிலும் ஜூஸிலும் போடும் கட்டிகளில் மீனைக் காக்க வார்த்தவையும் இருக்கலாம். அந்த வகை ஐஸ், சாக்கு மூட்டையில் மரத்தூளோடு வந்து, தரையில் வைத்து உடைக்கப்படுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தாகத்துக்கு வழியோரத்தில் கிடைப்பதில் இளநீர்தான் முதலிடம், அதையும் கண்ணெதிரே சீவச் சொல்லி உறிஞ்சுகுழல் இல்லாமல் குடிக்கலாம்.

வயிறு கெட்டுவிட்டால்

எல்லாவற்றுக்கும் பிறகும் யாருக்கோ வாந்தி வருகிறது என்றால் குடும்பம் உடனே கடைசியாகச் சாப்பிட்டதைத் திட்டும். கணக்கு பெரும்பாலும் வேறு எதையோ காட்டும். காலை 8 மணிக்கு இட்லி, மதியம் 12:30க்கு வண்டியில் வாங்கிய ஆறிப்போன முட்டை பிரியாணி, மாலை 5 மணிக்கு நடைமேடையில் சூடான வடை, 5:15க்கு வாந்தி என்று வைத்துக்கொள்ளலாம். வடைமேல்தான் பழி விழும். ஆனால் நஞ்சு கலந்த உணவு வாந்தியைக் கிளப்பப் பொதுவாக ஒன்று முதல் ஆறு மணி நேரம் எடுக்கும். கால் மணி நேரத்தில் வடை அதைச் செய்வது அரிது, நாலே முக்கால் மணி நேரம் ஆன பிரியாணியே கணக்குக்குப் பொருந்துகிறது. காய்ச்சலில்லாமல் வயிற்றை முறுக்கும் வயிற்றுப்போக்கு இரவு 10 மணிக்கு மேல் தொடங்கினாலும் மதிய இறைச்சியோ சோறோ காரணமாக இருக்கலாம். காய்ச்சலோடு வருவது, ஊர் போய்ச் சேர்ந்து இரண்டாம் நாள் வருவது ஆகியவை சால்மொனெல்லா போன்றவற்றின் வழக்கம். அவற்றுக்கு ஆறு மணி நேரத்திலிருந்து மூன்று நாள்வரை ஆகலாம், அதாவது மூட்டை கட்டிய நாளின் வீட்டுச் சமையலாகவும் இருக்கலாம்.

நஞ்சால் வரும் வாந்தி பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானே அடங்கும். அதுவரை உடம்பிலிருந்து போகும் நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுப்பதுதான் வைத்தியம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் தயாரித்த ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு மூன்று பையில் இருந்தால் நல்லது, ஒரு பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் நல்ல நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தைத் தம்ளரில் கரைத்தால் உப்பின் அளவு தவறும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் கெடுதல் என்பதால் கண்ணீரைவிட உப்புக் கரிக்காமல் இருக்க வேண்டும். வாந்தி எடுத்ததும் பத்து நிமிடம் பொறுத்து, தேக்கரண்டி தேக்கரண்டியாகக் கொடுத்தால் வயிறு ஏற்றுக்கொள்ளும். மடமடவென்று குடித்தால் திரும்பி வந்துவிடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையைக் காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருக்கும்போது போடக் கூடாது, குழந்தைகளுக்குத் தாமாகவே கொடுக்கவும் கூடாது. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாத குழந்தை, உட்கார்ந்தால் தலை சுற்றும் முதியவர், ரத்தம் கலந்த போக்கு, எதைக் கொடுத்தாலும் தங்காத வாந்தி ஆகியவை ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடியவை அல்ல. டிக்கெட் பரிசோதகரிடம் சொன்னாலும் 139க்கு அழைத்தாலும், அடுத்து வண்டி நிற்கும் பெரிய நிலையத்தில் மருத்துவரை வரவழைக்க ஏற்பாடு செய்வார்கள். அழைக்கும்போது பெட்டி எண், இருக்கை எண்ணோடு, எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு உடம்புக்கு முடியாமல் போனது என்பதையும் ஒரு தாளில் குறித்து வைத்திருந்தால் மருத்துவர் கேட்கும் முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் தயாராக இருக்கும்.